சிவராத்திரி நோட்டீஸும் சிங்கப்பூர் கடிகாரமும்

 

கோவிலில் திருவிழா நோட்டீஸ் வாங்கினதும் நாம என்ன பார்ப்போம்? சாமி படம் பார்ப்போம், உபயதாரர் பெயர் பார்ப்போம், அப்புறம் மடிச்சு பையில் வைப்போம். நடுவில் கட்டம் போட்டு நேரம் போட்டிருப்பாங்களே, அந்தக் கட்டத்துக்குப் பின்னாடி ஒரு பெரிய வரலாறு இருக்கு. தொண்டூழியர்களாக நாங்க பல வருஷமா இந்த நோட்டீஸ் வேலையில் கூடமாட இருக்கிறோம். அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

2025 மகா சிவராத்திரியையே எடுத்துக்கலாம். குரோதி வருடம் மாசி 14, புதன்கிழமை, ஆங்கிலத் தேதி 26 பிப்ரவரி. குருக்கள் கையில் இருந்து வருகிற குறிப்பு எப்போதும் சின்னதாத்தான் இருக்கும். ஒரு துண்டுக் காகிதம், அல்லது வாட்ஸ்அப்பில் நாலு வரி. "புதன் சிவராத்திரி. சாயங்காலம் 1ம் காலம். நடுராத்திரி 3ம் காலம், லிங்கோத்பவம். வியாழன் காலை நிறைவு." அவ்வளவுதான். குருக்களுக்கு இதுவே போதும், அவருக்கு எல்லாம் மனசில் இருக்கு. ஆனால் உட்லண்ட்ஸில் இருந்து குழந்தையைத் தூக்கிட்டு வர்ற குடும்பத்துக்கு இது போதாது. "நடுராத்திரி" என்றால் எத்தனை மணி?

இங்கேதான் விஷயம் இருக்கு. ஊரில் இருந்து வர்ற பஞ்சாங்கத்தில் எல்லாம் இந்திய நேரம். இந்தியாவை விட நாம இரண்டரை மணி நேரம் முன்னாடி இருக்கோம், அதனால் 2.30 கூட்டிடலாம் என்று பலரும் நினைக்கிறாங்க. அது பாதிதான் சரி.

திதி, நட்சத்திரம் இரண்டும் வானத்தில் நடக்கிற விஷயம். சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளிதான் திதி. அது மாறுகிற அந்த நொடி உலகம் முழுக்க ஒரே நொடி. அந்த வருஷம் திருக்கணிதப்படி இந்தியாவில் புதன் காலை சுமார் 11 மணிக்கு சதுர்த்தசி தொடங்கி, வியாழன் காலை 9 மணிக்குச் சற்று முன்னாடி முடிந்தது. இதுக்கு 2.30 கூட்டணும். அப்போ நமக்கு புதன் மதியம் ஒன்றரை மணிபோல தொடங்கி, வியாழன் காலை பதினொன்று இருபது வரை. ராத்திரி முழுக்க சதுர்த்தசி இருக்கு, ஆகவே இங்கேயும் புதன் இரவுதான் சிவராத்திரி. தேதி உறுதியாச்சு.

ஆனால் காலபூஜை அப்படி இல்லை. அது நம்ம ஊர் சூரியனைப் பொறுத்தது. அஸ்தமனத்தில் இருந்து மறுநாள் உதயம் வரைக்கும் உள்ள ராத்திரியை நாலாகப் பிரித்தால் நாலு காலம். அன்று சிங்கப்பூரில் சூரியன் மறைந்தது சுமார் 7.20, மறுநாள் உதித்தது சுமார் 7.14. கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேர ராத்திரி. ஒரு காலத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு இரண்டு நிமிஷம் குறைவு. 7.20, 10.20, 1.20, 4.15 என்று வந்துவிடும். அதாவது நம்ம ஊரில் உண்மையான நடுராத்திரி 12 மணிக்கு இல்லை, ஒன்றே கால் தாண்டித்தான்.

சென்னையில் அதே இரவின் நடு சுமார் 12.20. யாராவது அந்த 12.20-ஐ அப்படியே எழுதினால் நமக்கு ஒரு மணி நேரம் முந்திவிடும். இரண்டரை மணி கூட்டி 2.50 என்று போட்டால் ஒன்றரை மணி நேரம் பிந்திவிடும். லிங்கோத்பவ காலம் இரவில் 14 நாழிகைக்கு மேல் 16 நாழிகை வரை என்று பெரியவங்க சொல்வாங்க. ஒரு நாழிகை 24 நிமிஷம். 7.20-இல் இருந்து எண்ணிப் பாருங்க, 12.56 முதல் 1.44 வரை. 12.20-க்கு வந்தவர் சும்மா காத்திருப்பார். 2.50-க்கு வந்தவருக்கு விபூதி மட்டும்தான் கிடைக்கும்.

நம்ம கடிகாரம் ஏன் இப்படி சூரியனை விட ஒரு மணிக்கு மேல் முன்னாடி ஓடுது? இதுக்குத்தான் வரலாறு பார்க்கணும். 1905-க்கு முன்னாடி சிங்கப்பூரில் உள்ளூர் சூரிய நேரம்தான். அந்தக் கணக்கில் மாசி நடுராத்திரி 12-ஐத் தாண்டி பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் வந்துவிடும். நம்ம தாத்தாமார் "நடுராத்திரி" என்று மட்டும் எழுதினதில் ஒரு தப்பும் இல்லை. 1905 ஜூனில் கிரீன்விச்சுக்கு ஏழு மணி முன்னே என்று பொது நேரம் வந்தது. 1933-இல் இருபது நிமிஷம் கூட்டினாங்க. 1941 செப்டம்பரில் இன்னும் பத்து நிமிஷம், ஏழரை மணி ஆச்சு.

1942 பிப்ரவரியில் ஜப்பான்காரன் வந்தான். வந்த கையோடு டோக்கியோ நேரத்தை வைத்தான், கிரீன்விச்சுக்கு ஒன்பது மணி முன்னே. கணக்குப் போட்டால் அந்த மூன்றரை வருஷமும் மாசியில் சூரியன் மறைவது இரவு 8.20-க்கு. நடுராத்திரி 2.15 தாண்டி. அந்தக் காலத்தில் சிவராத்திரி விழித்தவங்களுக்குக் கடிகாரம் பார்த்தால் ஒன்றுமே விளங்கியிருக்காது, வானம் பார்த்தால்தான் விளங்கியிருக்கும். 1945 செப்டம்பரில் பழைய ஏழரை மணி திரும்பி வந்தது.

கடைசி மாற்றம் நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்கு முள்ளைத் தள்ளி பன்னிரண்டு ஆக்கினோம். மலேசியா அவங்க நாடு முழுக்க ஒரே நேரம் வைத்தாங்க, நாமும் அதோடு சேர்ந்தோம். அரை மணி நேரம் தூக்கம் போச்சு என்று அப்போ எல்லாரும் சிரித்தாங்க. ஆனால் கோவில் குறிப்பு நோட்டில் 12.47 என்று இருந்திருக்க வேண்டிய நடுராத்திரி அன்றோடு 1.17 ஆச்சு. இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டு மணியாக இருந்த வித்தியாசம் இரண்டரை ஆச்சு. அடுத்த வருஷம் 1983-இல் ஆர்ச்சர்ட் ரோட்டில் இருந்த சிவன் கோவிலே எம்ஆர்டி வேலைக்காக இடம் மாறி சிராங்கூன் ரோட்டுக்கு வந்தது. அப்புறம் 1993-இல் கேலாங் ஈஸ்ட். கடிகாரமும் மாறி கோவிலும் மாறின காலம் அது. பழைய நோட்டீஸை எடுத்து தேதியை மட்டும் திருத்தி அச்சுக்குக் கொடுக்கிற பழக்கம் இருந்தால் எவ்வளவு வம்பு என்று நீங்களே யோசிச்சுப் பாருங்க. எங்க அனுபவத்தில் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை 😊

இனி இரண்டு மொழி விஷயம். முன்னாடி தமிழில் மட்டும் நோட்டீஸ் போட்டால் போதும். 1987-இல் இருந்து எல்லாப் பள்ளியிலும் ஆங்கிலம் முதல் மொழி ஆனது. அப்படிப் படித்து வந்த பிள்ளைகள் இன்று அப்பா அம்மா ஆகிட்டாங்க. அவங்க முதலில் ஆங்கிலப் பக்கத்தைத்தான் பார்க்கிறாங்க. தமிழ்நாட்டில் இருந்து வேலைக்கு வந்த தம்பிமார் தமிழ்ப் பக்கம் பார்க்கிறாங்க. ஒரே தாள், ஆனால் ஆளுக்கு ஒரு பாதி. மற்ற பாதியை யாரும் சரிபார்ப்பதில்லை. அதனால் இரண்டு பாதியும் தனித்தனியா முழுசா இருக்கணும்.

இதில்தான் பெரிய பள்ளம் இருக்கு. தமிழில் ஒரு நாள் என்பது சூரிய உதயத்தில் இருந்து அடுத்த உதயம் வரை. "புதன் இரவு 1.20" என்றால் புதன் ராத்திரி விழித்திருக்கிறோமே, அதில் 1.20. ஆங்கிலத்தில் நாள் 12 மணிக்கே மாறிடும். அதே நேரம் அங்கே வியாழன், 27 பிப்ரவரி, 1.20 ஏஎம். வார்த்தைக்கு வார்த்தை மாற்றி "வெட்னஸ்டே 1.20 ஏஎம்" என்று போட்டால் அது செவ்வாய் ராத்திரி! சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு கோவில் நோட்டீஸில் இப்படித்தான் வந்தது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம், வயசான பாட்டியோடு டாக்சி பிடித்து ஒரு நாள் முன்னாடியே போய், சாத்தின கதவுக்கு முன்னாடி நின்னுட்டு திரும்பி வந்தாங்க. மறுநாள் பாட்டிக்கு உடம்புக்கு முடியலை, போக முடியலை. அந்த வருஷம் அவருக்கு சிவராத்திரி தரிசனம் இல்லை.

தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்தவங்களுக்கு இது உடனே புரியும். ராத்திரி 11-க்கு ஏறி காலை 7-க்கு இறங்கினால் அது எந்தத் தேதி ஷிப்ட்? நாங்க அட்டவணையில் ஏறும் தேதி, இறங்கும் தேதி இரண்டும் போடுவோம். அதே முறையைத்தான் நோட்டீஸுக்கும் வைத்திருக்கிறோம். 12 மணி தாண்டினதும் கட்டத்தில் ஒரு கோடு போட்டு, புதுத் தேதியை எழுதிடணும். தமிழ்ப் பாதி இப்படி வரும்:

26.02.2025 புதன்கிழமை
இரவு 7.20 - முதல் காலம்
இரவு 10.20 - இரண்டாம் காலம்
―――――
புதன் இரவு விடிந்தால் வியாழன் (27.02.2025)
பின்னிரவு 1.20 - மூன்றாம் காலம்
அதிகாலை 4.15 - நான்காம் காலம்
காலை 7.15 - நிறைவு, பிரசாதம்

"விடிந்தால் வியாழன்" என்கிற சொல்லைக் கவனிங்க. ஊரில் கல்யாணப் பத்திரிகையில் பெரியவங்க போடுவது அது. எந்த ராத்திரி என்று யாருக்கும் சந்தேகம் வராது. ஆங்கிலப் பாதியில் கோட்டுக்கு மேலே வெட்னஸ்டே, கீழே தர்ஸ்டே. எண்கள் இரண்டு பாதியிலும் ஒன்றாக, ஒரே வரிசையில் நேருக்கு நேர் நிற்கணும். ஒருவர் தமிழை உரக்கப் படிக்க, இன்னொருவர் ஆங்கிலத்தில் விரல் வைத்துப் பார்த்தால் பிழை அங்கேயே மாட்டிக்கும். இரண்டு பேருக்கு ஐந்து நிமிஷ வேலை.

இன்னொன்று. "இரவு 12 மணி" என்று எழுதவே கூடாது. அது எந்தத் தேதியின் 12 என்று ஆங்கிலத்திலும் சண்டைதான். தைப்பூசத்துக்கு சமீப வருஷங்களில் பெருமாள் கோவிலில் இருந்து முதல் பால்குடம் புறப்படுவது முந்தின நாள் இரவு 11.30. அந்த நேரம் எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க, முந்தின நாள் தேதியோடு போட்டுட்டால் யாரும் குழம்ப மாட்டாங்க.

சூரியனைப் பார்த்து சரியா 1.20 என்று போட்டாலும் எல்லாக் கோவிலும் அப்படியே வைக்க மாட்டாங்க. மறுநாள் வேலை இருக்கு, எம்ஆர்டி நடுராத்திரியோடு நின்றுவிடும். சில இடத்தில் காலபூஜையை முன்கூட்டி வைத்து சீக்கிரம் முடிப்பாங்க. அது அந்தந்தக் கோவில் நிர்வாகமும் குருக்களும் முடிவு பண்ண வேண்டியது, அதில் நாம குறை சொல்ல ஒன்றும் இல்லை. எந்த நேரம் வைத்தாலும் அந்த நேரம் நோட்டீஸில் சரியா இருக்கணும், அவ்வளவுதான் நாங்க கேட்கிறது.

உங்க வீட்டில் அறுபது, எழுபதுகளில் அச்சடித்த திருவிழா நோட்டீஸ் பழைய டிரங்குப் பெட்டியில் இருந்தால் தூக்கிப் போட்டுடாதீங்க. அதில் இருக்கிற நேரத்தோடு அரை மணி கூட்டிப் பாருங்க, இன்றைய கடிகாரத்துக்கு வந்துவிடும். போட்டோ எடுத்து இங்கே கீழே போடுங்க, நாங்களும் பார்க்கிறோம் 🙏