இரண்டு கோரிப்பாளையங்கள்

மதுரையில் வைகையின் வடகரையில் அடுத்தடுத்து இருக்கும் பகுதிகள் செல்லூரும் கோரிப்பாளையமும். பல பேர் தட்டச்சு செய்து சேர்த்த ஒரு முகவரிப் பட்டியலில் இந்த இரண்டு பெயர்களையும் தேடுவதாக வைத்துக்கொள்வோம். செல்லூர் என்று தேடினால் எல்லா வரிகளும் வந்துவிடும். கோரிப்பாளையம் என்று தேடினால் பாதிதான் வரும். மீதிப் பாதியும் கண்ணெதிரே அதே பட்டியலில்தான் இருக்கும். எழுத்துப்பிழையும் இருக்காது.

காரணம் முதல் எழுத்தான 'கோ'வில் இருக்கிறது. யூனிகோடில் ஓகாரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். U+0BCB என்ற ஒரே எண்ணாக வைக்கலாம். அல்லது இரட்டைக்கொம்பு (U+0BC7), கால் (U+0BBE) என்று இரண்டு எண்களாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் முதல் வகையில் கோரிப்பாளையம் 13 எண்கள், இரண்டாம் வகையில் 14. எண்ணுக்கு எண் ஒப்பிடும் நிரலுக்கு இவை வேறு வேறு ஊர்கள். செல்லூருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் உள்ள குறிகளில் எதுவும் இரண்டாகப் பிரிவதில்லை.

ஒரே எழுத்துக்கு இரண்டு வடிவம் எப்படி வந்தது? தமிழ்க் கணினியில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. இந்திய அரசின் இஸ்கி தரம் ஒலியை அடிப்படையாகக் கொண்டது. முதலில் மெய், பிறகு ஓகாரத்துக்கு ஒரே குறி. 1991-இல் வந்த யூனிகோட் இதையே பின்பற்றியது. தட்டச்சுப்பொறியின் வழக்கம் வேறு. அங்கே கண்ணுக்குத் தெரியும் வரிசைதான்: முதலில் கொம்பு, அடுத்து க, கடைசியில் கால். இணையத் தமிழர்கள் உருவாக்கிய தகுதரம் (டிஸ்கி) இந்த வரிசையிலேயே சேமித்தது. 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்களால் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவந்த மதுரைத் திட்டமும் தகுதரத்தில் நூல்களை வெளியிட்டு, பிறகு யூனிகோடுக்கு வந்தது.

தகுதரக் கோப்பை யூனிகோடாக்கும் நிரல், கொம்பைத் தூக்கி ககரத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும். அதோடு நிறுத்திவிட்டால் கிடைப்பது க, கொம்பு, கால் என்ற பிரிந்த வடிவம். கொம்பையும் காலையும் ஒன்றாக்கும் இன்னொரு படியும் வேண்டும். அந்தப் படி விட்டுப்போனாலும் திரையில் எழுத்து சரியாகவே தெரிவதால், யாருக்கும் சந்தேகம் வராது. தேடும்போதுதான் குட்டு வெளிப்படும்.

இந்த இரண்டு வடிவங்களும் சமம் என்று யூனிகோட் தரமே சொல்கிறது. தமிழில் இப்படிப் பிரியக்கூடியவை நான்குதான்: ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள், ஔ என்ற உயிரெழுத்து. பிரிந்தவற்றைச் சேர்த்து ஒரே வடிவமாக்கும் முறைக்கு NFC என்று பெயர். பைத்தான் மொழியில் இப்படிச் சோதிக்கலாம்:

```
import unicodedata as u
a = "\u0B95\u0BCB"
b = "\u0B95\u0BC7\u0BBE"
print(a == b)
print(a == u.normalize("NFC", b))
```

முதல் விடை False, இரண்டாவது True. பட்டியலை மட்டும் சீராக்கினால் போதாது. தேடுபவர் தட்டும் சொல்லையும் ஒப்பிடும் முன் இதே முறையில் சீராக்க வேண்டும். இல்லையென்றால் பிழை இடம் மாறுமே தவிர, போகாது.

NFC-க்கும் ஓர் எல்லை உண்டு. ஔவை என்பதைப் பலர் ஒ, ள, வை என்று மூன்று எழுத்தாக அடிப்பார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் இங்கே இருப்பது உண்மையான ளகரம். ஔகாரத்தின் வலப்பாதிக்கு யூனிகோடில் U+0BD7 என்று தனி எண் இருக்கிறது. ஆகவே NFC இதைத் தொடாது. 'வெளவால்' என்று கொம்பும் ளகரமுமாக அடித்த வௌவாலும் இப்படித்தான்.

அப்படியானால் கொம்புக்குப் பின் ளகரம் வரும் இடங்களையெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றிவிடலாமா? மாற்றினால் 'தெளிவு' சிதைந்துவிடும். ளகரத்தின் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் விட்டுவிடு என்று விதி வைத்தால் தெளிவு தப்பிக்கும். ஆனால் பேச்சுவழக்கில் எழுதப்பட்ட 'வெளக்கு' மாட்டிக்கொள்ளும். இதற்குச் சொற்பட்டியல்தான் வழி.

ஸ்ரீ என்ற எழுத்தும் இந்த வகைதான். 2005-இல் யூனிகோட் 4.1 தமிழ்ப் பகுதியில் ஶ என்ற எழுத்தைச் சேர்த்தது. அதன்பின் ஸ்ரீயை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம் என்றாயிற்று. தரத்தின்படி இவை சமமல்ல. எனவே ஸ்ரீயில் தொடங்கும் பெயர்களைத் தேடும் நிரல், இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் விதியைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பட்டியலில் இந்தக் கோளாறு இருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. U+0BC6 அல்லது U+0BC7-க்கு அடுத்தே U+0BBE வருகிறதா என்று தேடிப் பார்க்கலாம். ஒன்று அகப்பட்டாலும் போதும், அந்தப் பட்டியலில் இரண்டு கோரிப்பாளையங்கள் இருக்க வாய்ப்புண்டு.