பெரும்பான்மையின் சுழற்சி: மூவர் வாக்கும் நிலையான முடிவும்

பலர் கூடி ஒரு காரியத்தைத் தீர்மானிக்க வேண்டிய இடத்தில், பெரும்பான்மையோரின் அபிப்பிராயத்தையே சபையின் அபிப்பிராயமாகக் கொள்வது ஜனநாயக நாடுகளில் சர்ச்சைக்கு இடமில்லாத விதியாக நிலைபெற்றுவிட்டது. இவ்விதிக்கு அடியில், யாரும் வாய்விட்டுச் சொல்லாத அனுமானம் ஒன்று இருக்கிறது: தனிமனிதனுக்கு இருப்பதுபோலவே சபைக்கும் ஒரு விருப்ப வரிசை உண்டு, வாக்கெடுப்பு அதை வெளிக்கொணர்கிறது என்பதே அது. பெரும்பான்மை வாக்கால் செய்யப்படும் தீர்மானங்களைக் கணித முறையில் ஆராய்ந்து 1785-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே, வாக்களிப்போர் ஒவ்வொருவரும் தெளிவான விருப்பமுடையவராக இருந்தும் இவ்வனுமானம் பொய்த்துப்போகக்கூடும் என்று காட்டினார். அவர் கண்டதன் உட்பொருளை மிகச் சிறிய சபையாகிய மூவர் குழுவில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு நூலகத்தின் பழைய கட்டடத்தை என்ன செய்வது என்று முடிவு செய்ய மூன்று அங்கத்தினர் கொண்ட குழு ஒன்று கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் முன் உள்ள வழிகள் மூன்று: பழுதுபார்ப்பது, ஒரு பகுதியைச் சேர்த்து விரிவாக்குவது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது. முதல் அங்கத்தினர் சிக்கனக்காரர். பழுதுபார்ப்பதே அவருக்கு உத்தமம், விரிவாக்கம் அடுத்தது, புதுக்கட்டடம் கடைசி. இரண்டாமவர் இடநெருக்கடியைப் பெரிதாக நினைப்பவர்; விரிவாக்கம் முதலாவது, புதுக்கட்டடம் இரண்டாவது, வெறும் பழுதுபார்ப்பு கடைசி. மூன்றாமவரோ, செய்தால் முழுதாகச் செய்ய வேண்டும், இல்லையேல் பழுதுபார்ப்போடு நிறுத்திவிடவேண்டும், அரைகுறை வேலையில் பணத்தைக் கொட்டக்கூடாது என்ற கொள்கையுடையவர். அவருக்குப் புதுக்கட்டடம் முதலாவது, பழுதுபார்ப்பு இரண்டாவது, விரிவாக்கம் கடைசி. மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒருவர் பேச்சிலும் முன்னுக்குப்பின் முரண் இல்லை.

இனி இவ்வழிகளை இரண்டிரண்டாக வாக்குக்கு விடுவோம். பழுதுபார்ப்பா விரிவாக்கமா என்றால், முதலாமவரும் மூன்றாமவரும் சேர்ந்து பழுதுபார்ப்பை வெல்ல வைக்கிறார்கள். விரிவாக்கமா புதுக்கட்டடமா என்றால், முதலாமவரும் இரண்டாமவரும் சேர விரிவாக்கம் வெல்கிறது. அப்படியானால் பழுதுபார்ப்பு புதுக்கட்டடத்தையும் வெல்லவேண்டுமே என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தினால், இரண்டாமவரும் மூன்றாமவரும் புதுக்கட்டடத்தின் பக்கம் சேர்ந்துவிடுகிறார்கள். எந்த வழியை எடுத்துக்கொண்டாலும் அதைத் தோற்கடிக்கும் மற்றொரு வழி, இரண்டுக்கு ஒன்று என்ற அதே பெரும்பான்மையோடு காத்திருக்கிறது. இந்த வினோதத்துக்குக் காரணம், மூன்று வெற்றிகளையும் தந்த பெரும்பான்மை ஒரே பெரும்பான்மை அன்று என்பதே. ஒவ்வொரு முறையும் வேறு இருவர் கூடியிருக்கிறார்கள். வெவ்வேறு கூட்டணிகள் தந்த தீர்ப்புகளை ஒரே மனத்தின் தீர்ப்புகளாக எண்ணி அவற்றில் பொருத்தம் தேடுவதுதான் பிழை. கொண்டோர்சேயின் சமகாலத்தவரான போர்தா பரிந்துரைத்தபடி, முதலிடத்துக்கு இரண்டு, இரண்டாமிடத்துக்கு ஒன்று, கடைசி இடத்துக்குப் பூஜ்யம் என்று மதிப்பெண் இட்டுக் கூட்டிப் பார்த்தாலும் மூன்று வழிகளும் தலா மூன்று பெற்றுச் சமமாகவே நிற்கின்றன.

சபைகள் இவ்வாறு சுழன்றுகொண்டே இருப்பதில்லையே, ஏதோ ஒரு முடிவோடுதானே கலைகின்றன என்று ஆட்சேபிக்கலாம். உண்மைதான்; ஆனால் அம்முடிவு எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. தோற்ற யோசனையை மறுபடி எடுப்பதில்லை என்பது சபைகளின் பொது வழக்கம். அவ்வழக்கப்படி பழுதுபார்ப்பையும் விரிவாக்கத்தையும் முதலில் மோதவிட்டு, வென்றதைப் புதுக்கட்டடத்தோடு மோதவிட்டால் புதுக்கட்டடம் நிலைக்கும். முதல் சுற்றில் பழுதுபார்ப்பும் புதுக்கட்டடமும் மோதினால் விரிவாக்கம் நிலைக்கும். விரிவாக்கமும் புதுக்கட்டடமும் மோதினால் பழுதுபார்ப்பு நிலைக்கும். கடைசியில் களமிறங்குவது எதுவோ அதுவே வெல்கிறது. ஆகவே வரிசையை வகுக்கும் தலைவர், ஒரு வாக்கும் அளிக்காமல் முடிவைத் தம் கையில் வைத்திருக்கிறார். வாக்களிப்போருக்கும் இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. புதுக்கட்டடம் கடைசியாக வரும் வரிசையில், அதை அறவே விரும்பாத முதலாமவர், தம் மனத்துக்கு மாறாக முதல் சுற்றிலேயே விரிவாக்கத்துக்கு வாக்களித்துவிட்டால், விரிவாக்கம் இரு சுற்றுகளிலும் வென்று, தமக்கு மிக வெறுப்பான முடிவிலிருந்து அவர் தப்பிவிடுகிறார்.

இத்தகைய நிலை எவ்வளவு அபூர்வம்? மூன்று வழிகளை ஒருவர் ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம். மூவருக்கும் சேர்த்து 216 விதங்கள். சுழற்சி உண்டாக வேண்டுமானால் ஒவ்வொரு வழியும் ஒருவருக்கு முதலாவதாகவும் ஒருவருக்கு நடுவிலும் ஒருவருக்குக் கடைசியிலும் அமைய வேண்டும். இது 12 விதங்களில்தான் கூடும். ஆகவே எல்லா வரிசைகளும் சம வாய்ப்புடையவை என்று கொண்டால், பதினெட்டில் ஒரு பங்கு. வாக்காளர் தொகை பெருகப் பெருக இது ஏறத்தாழ ஒன்பது சதவீதத்தை நெருங்குகிறது. வழிகளின் எண்ணிக்கை கூடக்கூட இன்னும் உயர்கிறது. ஆனால் மனிதர் அபிப்பிராயங்கள் தாயக்கட்டை உருட்டியதுபோல் அமைவன அல்ல. ஆதலால் இக்கணக்கு எச்சரிக்கையே ஒழிய நிர்ணயம் அன்று.

அபிப்பிராயங்கள் எவ்விதம் அமைந்தால் சுழற்சி நேராது என்பதை 1948-இல் பொருளியல் அறிஞர் டங்கன் பிளாக் விளக்கினார். வழிகளைச் சிறிதிலிருந்து பெரிதுவரை ஒரே கோட்டில் நிறுத்தி, ஒவ்வொருவரும் தமக்கு உகந்த புள்ளியிலிருந்து எப்பக்கம் விலகினாலும் விருப்பம் குறைந்துகொண்டே போகும் என்றால், நடுவில் நிற்பவரின் விருப்பமே நிலையாக வெல்லும். நம் குழுவில் முதலாமவரும் இரண்டாமவரும் இந்நியதிக்கு அடங்கியவர்கள். நடுவழியைக் கடைசியில் தள்ளிய மூன்றாமவரே அதை மீறியவர். அவர் புதுக்கட்டடத்துக்கு அடுத்தபடி விரிவாக்கத்தை ஏற்றிருந்தால், விரிவாக்கம் மற்ற இரண்டையும் தனித்தனியே வென்றிருக்கும். ஆகவே மூன்று வழிகள் உள்ள இடத்தில், யாருமே கடைசியில் வைக்காத வழி ஒன்று இருக்கிறதா என்று கேட்பது நல்ல சோதனை. அப்படி ஒன்று இருந்தால் ஒற்றைப்படை எண்ணிக்கையுள்ள குழுவில் சுழற்சி எழாது. ஆனால் இந்த ஒழுங்கை எந்த விதியாலும் விதித்துவிட முடியாது. எல்லா வகை அபிப்பிராயங்களுக்கும் இடம் கொடுத்து, ஒருவரைச் சர்வாதிகாரியாக்காமல், மிதமான சில நிபந்தனைகளுக்கும் உட்பட்டு முரணற்ற வரிசையைத் தரும் முறை மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வழிகளுக்குக் கிடையாது என்று 1951-இல் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ நிறுவினார்.

நடைமுறையில் சுழற்சியைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதற்கு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 1956-இல் நடந்தது சான்று. பள்ளிக்கூடம் கட்ட மத்திய அரசு உதவும் மசோதா ஒன்றுக்கு, நிறப் பாகுபாட்டைக் கைவிடாத மாநிலங்களுக்கு அவ்வுதவி கூடாது என்ற திருத்தத்தை அச்சபை உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பவல் கொண்டுவந்தார். திருத்தம் 225-க்கு 192 என்று நிறைவேறியது; திருத்தப்பட்ட மசோதாவோ 194-க்கு 224 என்று தோற்றது. திருத்தாத மசோதாவை மட்டும் வாக்குக்கு விட்டிருந்தால் அது வென்றிருக்கும், ஆகவே இது சுழற்சியே என்று அரசியல் அறிஞர் வில்லியம் ரைக்கர் வாதித்தார். ஆனால் அந்த மூன்றாவது மோதல் அன்று நடைபெறவே இல்லை. மசோதாவைக் கெடுக்கவே சிலர் திருத்தத்தை ஆதரித்திருந்தால், பதிவான வாக்குகள் அவர்கள் உள்ளத்தைக் காட்டுவனவும் அல்ல. ஆகையால் ரைக்கரின் முடிவைப் பின்வந்தோர் பலர் மறுத்திருக்கிறார்கள்.

இவற்றால் பெரும்பான்மை விதி பயனற்றது என்று ஆகிவிடாது. இரண்டே வழிகள் உள்ள இடத்தில் அதற்கு இக்குறை கிடையாது. மூன்றாவது வழி தோன்றிய பிறகு, இறுதியில் நின்றதை முன்பு தோற்ற யோசனையோடு மறுபடி ஒருமுறை நேருக்கு நேர் வாக்குக்கு விட்டுப் பார்க்காமல், அதுவே சபையின் விருப்பம் என்று பேச நமக்கு உரிமையில்லை. அச்சோதனையிலும் அது நின்றால் அது சபையின் முடிவு. நிற்காவிட்டால், இன்ன வரிசையில் கேட்டதனால் கிடைத்த முடிவு என்று மட்டுமே தீர்மானப் புத்தகத்தில் எழுதலாம்.