கல்யாண ஷூட்டுக்கு எத்தனை ஜி.பி வேணும்? கேமராவை எடுக்கும் முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுடுங்க!

"கெட்டிமேளம்... கெட்டிமேளம்!" ஐயர் குரல் கொடுக்கிறார். நாதஸ்வரமும் தவிலும் உச்சத்துக்குப் போகுது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். அந்த நேரம் பார்த்து, கேமரா திரையில் கார்டு நிறைஞ்சுபோச்சுன்னு ஒரு வரி வருது. கார்டை மாத்தி, கேமரா மறுபடி தயாராக அரை நிமிஷம் போதும்தான். ஆனா, மூணு முடிச்சு விழவும் அதே அரை நிமிஷம்தான் ஆகும்!

எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தன், சொந்தமா கேமரா வாங்கி, முதல் கல்யாண ஆர்டரும் பிடிச்சுட்டான். "அண்ணே, ரெண்டு நாள் ஃபங்ஷன். ஒரு 1 டி.பி டிஸ்க் வாங்கினா போதும்ல?"னு கேட்டான். "எந்த செட்டிங்ல எடுக்கப்போற, மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடும், எத்தனை காப்பி வைப்ப?"னு திருப்பிக் கேட்டேன். முழிச்சான். அவனுக்காக உட்கார்ந்து போட்ட கணக்குதான் இது. போன்லயே போட்டுடலாம்.

சின்ன b, பெரிய B

கேமரா மெனுவில் 4K-வுக்குக் கீழே 100M, 60M, 200M என்று ஏதாவது இருக்கும். அதுதான் பிட்ரேட். ஒரு நொடி வீடியோவுக்கு எத்தனை மெகாபிட் செலவாகுது என்பதைச் சொல்கிற எண். ஸ்பெக் ஷீட்டில் Mbps என்று போட்டிருப்பாங்க. (வாயால சொன்னா டாக்டர் படிப்பு மாதிரியே கேட்கும். அது வேற, இது வேற!)

இங்கேதான் பலரும் சறுக்குறாங்க. கேமரா பேசுறது பிட் கணக்கு. டிஸ்க்கும் கார்டும் பேசுறது பைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தாதான் 1 பைட். அதனால 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தா, நொடிக்கு 12.5 மெகாபைட். ஒரு மணி நேரத்தில் 3,600 நொடி இருக்கு. பெருக்கினா 45,000 மெகாபைட், அதாவது 45 ஜி.பி. ஒவ்வொரு முறையும் இவ்வளவு பெருக்கி வகுக்க வேண்டாம். இந்த ஒரு வரியை போன் நோட்ஸில் போட்டு வெச்சுக்கோங்க:

```
GB = Mbps × 0.45 × hours
```

60M-ன்னா மணிக்கு 27 ஜி.பி. 200M-ன்னா 90 ஜி.பி. வீடியோ 4K-வா, ஃபுல் ஹெச்.டி-யா என்பதே இந்தக் கணக்குக்குத் தேவையில்லை. இடத்தை முடிவு பண்றது பிட்ரேட் மட்டும்தான். ஒரே 4K-விலேயே இது எங்கேயோ போகும். ஐபோனில் சாதாரண 4K, நொடிக்கு 30 ஃபிரேம் வெச்சா நிமிஷத்துக்குச் சுமார் 170 எம்.பி, மணிக்கு 10 ஜி.பி சொச்சம். அதே போனில் ப்ரோரெஸ் ஆன் பண்ணி 4K எடுத்தா நிமிஷத்துக்குச் சுமார் 6 ஜி.பி. மணிக்கு 360 ஜி.பி! "4K-தானே"ன்னு யாராவது சொன்னா, "எந்த 4K?"ன்னு கேளுங்க.

மண்டபத்தில் இருக்கும் நேரம் வேற, ஓடும் நேரம் வேற

அடுத்து மணிக்கணக்கு. தம்பி "ரெண்டு நாள்"னு சொன்னான். டிஸ்க்குக்கு நாள் தெரியாது, ரெக்கார்டு பட்டன் சிவப்பா இருந்த நேரம்தான் தெரியும். அது கேமராவுக்குக் கேமரா மாறும்.

டிரடிஷனல் வீடியோ கேமரா கிட்டத்தட்ட நிறுத்தாம ஓடும். ரிசப்ஷனில் மேடையில் கிஃப்ட் கொடுத்து போட்டோ எடுத்துக்கிற வரிசை இருக்கே, அது முடியுற வரைக்கும் ஓடும். அவன் ஆர்டருக்கு ரிசப்ஷன் 3.5 மணி நேரம், மறுநாள் விடியற்காலைச் சடங்கில் தொடங்கி முகூர்த்தம் முடியும்வரை 5.5 மணி நேரம். ஆக 9 மணி நேரம், 100M-ல். 9 × 45 = 405 ஜி.பி.

கேண்டிட் கேமராக்காரர் பத்து மணி நேரம் மண்டபத்தில் இருந்தாலும், எடுப்பது பத்து பதினஞ்சு நொடி துண்டுகள். எல்லாம் சேர்த்து 3 மணி நேரம். ஆனா, ஸ்லோமோஷனுக்காக நொடிக்கு 50 ஃபிரேம், 200M-ல் வைக்கிறார். 3 × 90 = 270 ஜி.பி. ட்ரோன் 40 நிமிஷம், 100M-ல் 30 ஜி.பி. ரா போட்டோ ஒன்று 30 எம்.பி என்று வெச்சா, 3,000 போட்டோவுக்கு 90 ஜி.பி. தனியா பதிவாகும் ஆடியோ மணிக்கு 1 ஜி.பி அளவுதான், அதுக்கு ஒரு 5 ஜி.பி. எல்லாத்தையும் கூட்டினா 800 ஜி.பி.

இதில் ஒரு கண்ணி இருக்கு. சில கேமராக்களில் கேமராவே மெதுவாக்கிப் பதிவு செய்யும் ஸ்லோமோஷன் உண்டு. நொடிக்கு 100 ஃபிரேம் எடுத்து, 25 ஃபிரேமா சேமிக்கும். நீங்க ஒரு நிமிஷம் எடுத்தா, கார்டில் நாலு நிமிஷ வீடியோ உட்காரும். மெனுவில் அதே 100M-தான் காட்டும், ஆனா இடம் நாலு மடங்கு போயிருக்கும். மணப்பெண் நடந்து வர்ற காட்சி முழுக்க இதிலேயே எடுக்கிற பழக்கம் இருந்தா, அந்த நிமிஷங்களை நாலால் பெருக்கித்தான் கணக்கில் சேர்க்கணும்.

800 ஜி.பி-க்கு 1 டி.பி போதாதா?

போதும்னுதான் தோணும். ஆனா முகூர்த்தம் சொன்ன நேரத்தில் முடிஞ்சாலும், வெளியே ஜோடியா எடுக்கிற ஷூட் நீளும். அதுக்கு 20 சதவிகிதம் சேர்த்தா 960 ஜி.பி. எடிட் பண்றப்போ உருவாகும் ப்ராக்ஸி, கேஷ், கடைசியில் எக்ஸ்போர்ட் ஆகும் வீடியோ எல்லாம் இதுக்கு மேல. அப்புறம், 1 டி.பி டிஸ்க்கை விண்டோஸில் செருகினா 931 ஜி.பி-ன்னுதான் காட்டும். கடைக்காரர் ஏமாத்தலை. கம்பெனி ஆயிரம் ஆயிரமா எண்ணுது, விண்டோஸ் 1,024 ஆக எண்ணுது. உங்க வீடியோ ஃபைலும் அதே கணக்கில் கொஞ்சம் குறைச்சலாத்தான் தெரியும். அதனால இடம் குறையலை. 931-ஐப் பார்த்துப் பயப்படாம, கணக்கு முழுசையும் ஆயிரம் கணக்கிலேயே போடுங்க.

ஆக, ஒரே ஒரு காப்பிக்கே 2 டி.பி டிஸ்க்தான் நிம்மதி. இப்போ மூணாவது எண், காப்பி.

"ரெண்டு பேக்கப் வெச்சிருக்கேன்"ன்னா அசலோட சேர்த்து மூணு காப்பி. பெருக்க வேண்டியது மூணால், ரெண்டால் இல்லை. 960 × 3 = 2,880 ஜி.பி, அதாவது சுமார் 2.9 டி.பி. தம்பி நினைச்சது போல மூணு மடங்கு. "அப்போ ஒரே 4 டி.பி டிஸ்க் வாங்கி மூணு ஃபோல்டர் போட்டுடலாமே"ன்னான். டிஸ்க் ஒருமுறை கீழே விழுந்தா மூணு ஃபோல்டரும் சேர்ந்துதான் போகும். அமெரிக்க போட்டோகிராபர் பீட்டர் க்ரோக் பரப்பின 3-2-1 கணக்கு இதுக்குத்தான்: மூணு காப்பி, ரெண்டு வகை சாதனம், அதில் ஒண்ணு வேற இடத்தில். எடிட் பண்ண 2 டி.பி எஸ்.எஸ்.டி ஒண்ணு, காப்பிக்கு 2 டி.பி ஹார்ட் டிஸ்க் ரெண்டு, அதில் ஒண்ணு அம்மா வீட்டு பீரோவில். முடிஞ்சது.

கிளவுட்ல போடலாமேன்னு கேட்டா, போடலாம். அதுக்கும் அதே 0.45 உதவும். உங்க அப்லோடு வேகம் நிஜமாவே 100 மெகாபிட் கிடைச்சா மணிக்கு 45 ஜி.பி போகும். 800 ஜி.பி ஏற கிட்டத்தட்ட 18 மணி நேரம், நிக்காம. 30 மெகாபிட்தான் கிடைக்குதுன்னா ரெண்டரை நாள். அது ஏறி முடியிற வரைக்கும் அதை ஒரு காப்பியா எண்ணாதீங்க.

பட்ஜெட் இடிக்குதா?

காப்பியைக் குறைக்காதீங்க, பிட்ரேட்டில் கை வைங்க. எல்லா நேரத்துக்கும் ஒரே செட்டிங் தேவையில்லை. மேடையில் அசையாம நின்னு சிரிக்கிற ரிசப்ஷன் வரிசைக்கு 60M தாராளம். அந்த 3.5 மணி நேரத்தை மட்டும் மாத்தினாலே ஒரு காப்பிக்கு 63 ஜி.பி மிச்சம், மூணு காப்பிக்கு 189. முகூர்த்தத்துக்கு 100M-ஐ விடாதீங்க. அட்சதை பறக்கிற, விளக்கு மின்னுற, கூட்டம் அசையுற காட்சியில் பிட்ரேட் பத்தலைன்னா படம் கட்டம் கட்டமா உடையும். எதிர்ப்பக்கமும் கவனம் வேணும். சோனி கேமராக்களில் இருக்கும் XAVC S-I மாதிரியான செட்டிங்கில் 4K 25 ஃபிரேமுக்கே 250M ஆகும். எடிட் பண்ண லேசா இருக்கும்தான். ஆனா, 9 மணி நேரத்துக்கு டிரடிஷனல் கேமரா மட்டுமே 1 டி.பி-யைத் தாண்டும்.

கார்டு கணக்கு தனி

128 ஜி.பி கார்டில் 100M-க்கு ரெண்டே முக்கால் மணி நேரம்தான் வரும். ரிசப்ஷனின் 157 ஜி.பி-க்கு ரெண்டு கார்டு. முகூர்த்த நாளின் 247 ஜி.பி-க்கும் ரெண்டு போதும்னு கணக்கு சொல்லும். ஆனா மிச்சம் 9 ஜி.பிகூட இல்லை, அதனால மூணு. நைட் பத்தரைக்கு ரிசப்ஷன் முடிஞ்சு, விடியற்காலை நாலரைக்கு மறுபடி கேமரா தூக்கணும். நடுவில் காப்பி எடுத்து, சரிபார்த்து, கார்டை அழிச்சுத் தருவதை நம்பி இருக்காதீங்க. தூக்கக் கலக்கத்தில் தப்பான கார்டை அழிச்சவங்க உண்டு. ரெண்டு நாளைக்கும் சேர்த்து அஞ்சு கார்டு கையில் இருக்கட்டும். கேமராவில் ரெண்டு ஸ்லாட் இருந்து, ரெண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகிற மாதிரி வெச்சா பத்து கார்டு. செலவுதான். ஆனா முதல் நொடியிலிருந்தே உங்ககிட்ட ரெண்டு காப்பி இருக்கும். தாலி கட்டுற அரை மணிக்கு முன்னாடி, பழைய கார்டில் இடம் இருந்தாலும் புதுசு மாத்திடுங்க.

போனும் ட்ரோனும் காட்சிக்குத் தக்க பிட்ரேட்டை ஏத்தி இறக்கும். அதனால ஸ்பெக்கில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பாம, ஷூட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி அதே செட்டிங்கில் கடைத்தெருவில் ஒரு நிமிஷம் எடுங்க. வெள்ளைச் சுவரை எடுத்தா ஃபைல் சின்னதா வந்து ஏமாத்தும். வந்த ஃபைல் சைஸை 60-ஆல் பெருக்கினா உங்க நிஜமான ஒரு மணி நேரம். மீடியாஇன்ஃபோ ஆப்பில் ஃபைலைத் திறந்தா Overall bit rate என்ற வரியில் இருக்கும் மெகாபிட் எண்ணை 0.45-ஆல் பெருக்கினாலும் அதே கணக்குதான் வரும்.

தம்பி கடைசியில் 2 டி.பி-யில் மூணு வாங்கினான். ஷூட் முடிஞ்சு அவன் மொத்தம் பார்த்தப்போ 860 ஜி.பி. மாப்பிள்ளையோட ஃப்ரெண்ட்ஸ் ஆடின டான்ஸ் நம்ம கணக்கிலேயே இல்லை!