கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட்: இலைக்கு 200-ஆ, 235-ஆ?

"தம்பி, இலைக்கு எவ்ளோ?" கேட்டரிங்ல புதுசா இறங்குறவங்க தடுமாறுற இடம் இதுதான். பக்கத்துத் தெரு மாஸ்டர் சொல்ற ரேட்ல பத்து ரூபாய் குறைச்சு சொல்லிட்டு, கடைசியில கைக்காசைப் போட்டு சம்பளம் கொடுப்பாங்க.

500 பேருக்கு சைவ முகூர்த்தச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். இங்கே வரும் ரேட்டெல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க.

முதலில் சேதாரம். கோஸ் பொரியலுக்கு ஒருத்தருக்கு 60 கிராம் என்றால், நறுக்கிய கோஸ் 30 கிலோ வேண்டும். மேல் இலை, தண்டு என்று 20% போகும். பலரும் 30 கிலோவோடு 20% கூட்டி 36 கிலோ வாங்குவார்கள். அதில் 20% கழிந்தால் மிச்சம் 28.8 கிலோதான். கடைசிப் பந்தியில 20 இலைக்குப் பொரியல் இருக்காது! 30-ஐ 0.8-ஆல் வகுக்கணும், 37.5 கிலோ வாங்கணும். இப்படிக் கணக்குப் போட்ட காய்கறியோடு மளிகை, பால், இலை, கேஸ் எல்லாம் சேர்த்து 65,000 ரூபாய், இலைக்கு 130.

அடுத்து ஆள்கூலி. பரிமாறும் ஆட்களை மொத்தக் கூட்டத்தை வைத்து முடிவு பண்ணாதீங்க, பந்தி அளவைப் பாருங்க. ஹாலில் 125 பேர் உட்காரலாம், நாலு பந்தி என்றால் 10 பேர் போதும். மாஸ்டர், உதவியாளர்கள், இலை எடுப்பவர்கள் உட்பட கூலி 24,000. பாத்திர வாடகை 5,000. வேன் போக வர, ஏற்று இறக்குக் கூலி 6,000. பாத்திரம் திரும்பி வர்ற ட்ரிப்பைத்தான் நிறைய பேர் மறந்துடுறாங்க. ஆக 35,000, இலைக்கு 70.

அடக்கவிலை 200. லாபம் சேர்த்து 235 என்று சொல்கிறீர்கள். 500 இலை விழுந்தால் 17,500 ரூபாய் நிற்கும்.

மழை பெய்து 400 பேர்தான் வந்தார்கள் என்றால்? சாப்பாடு ஏற்கெனவே 500 பேருக்கு ஆக்கியாச்சு, வேன் வாடகையும் குறையாது. வரவு 94,000, செலவு ஒரு லட்சம். 6,000 ரூபாய் நஷ்டம்.

அதனால கொட்டேஷனிலேயே 'குறைந்தபட்சம் 450 இலைக்குப் பணம், அதற்கு மேல் விழுந்த இலைக் கணக்கு' என்று எழுதிடுங்க. அப்போ 400 பேர் வந்தாலும் 1,05,750 ரூபாய் கைக்கு வரும்.

இலை எண்ணுவதிலும் சண்டை வரும். முதல் பந்திக்கு முன்னாடியே பெண் வீட்டு ஆள் ஒருவரை நிறுத்தி, கட்டைப் பிரித்து எண்ணிடுங்க. கிழிந்ததையும், உங்க ஆட்கள் சாப்பிட எடுத்ததையும் தனியா வைங்க. முடிஞ்சதும் மிச்ச இலையை அதே ஆள் எண்ணட்டும். சம்பந்தி வீட்டுக்கு டிபன் கேரியரில் போகும் சாப்பாடு இந்த எண்ணிக்கையில் வராது. அதை இலைக் கணக்கில் சேர்ப்பதா என்று அட்வான்ஸ் வாங்கும்போதே பேசி முடிச்சிடுங்க.