எழுத்துருக் கோப்புகள்: .ttf, .otf

கணினி எழுத்துருக்கள் பெரும்பாலும் .ttf அல்லது .otf என்று முடியும் கோப்புகளாகக் கிடைக்கின்றன. முன்னதை ட்ரூடைப் என்றும் பின்னதை ஓப்பன்டைப் என்றும் சொல்வது வழக்கம். .otf புதியது, ஆகவே மேலானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தமிழ் எழுத்துருவை நிறுவுகிறவர்களுக்கு இந்த எண்ணம் உதவுவதில்லை. காரணம், இவ்விரு வடிவங்களும் பிறந்த கதையிலேயே இருக்கிறது.

1980களின் நடுவில் அச்சுத் தரமான எழுத்துரு என்றால் அடோபி நிறுவனத்தின் டைப் 1 தான். 1985-இல் வந்த ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறி அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் இயங்கியது. டைப் 1-இன் முழு நுட்பத்தையும் அடோபி வெளியிடவில்லை. சிறிய அளவிலும் எழுத்தைத் தெளிவாகக் காட்டும் வழி அதன் கைக்குள்ளேயே இருந்தது. பிறர் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. இதிலிருந்து விடுபட ஆப்பிள் தனக்கென ஒரு வடிவத்தை உருவாக்கியது. சாம்போ காசிலா என்ற பொறியாளர் அதன் முதன்மை வடிவமைப்பாளர். 1989-இல் மைக்ரோசாஃப்டும் அதில் சேர்ந்துகொண்டது. அடுத்த ஆண்டே அடோபி டைப் 1-இன் விவரங்களை வெளியிட்டது. போட்டி வராதிருந்தால் அது நடந்திருக்குமா என்பது ஐயமே. ட்ரூடைப் 1991-இல் ஆப்பிளின் சிஸ்டம் 7-லும், 1992-இல் விண்டோஸ் 3.1-லும் இடம்பெற்றது.

இரு தரப்பும் எழுத்தின் விளிம்பை வளைகோடுகளாகவே சேமித்தன. ஆனால் கணக்கு வேறு. ட்ரூடைப்பில் இருபடி வளைவு, டைப் 1-இல் முப்படி வளைவு. ஒரு வட்டத்துக்கு முப்படியில் நான்கு வளைவுகள் போதும். இருபடியில் வழக்கமாக எட்டு வேண்டும். இருபடி வளைவை முப்படியாகப் பிசகின்றி மாற்றிவிடலாம். எதிர்த்திசையில் தோராயமாகத்தான் மாற்ற முடியும். எழுத்துருவை வரைபவர்கள் முப்படியை விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு வேறுபாடு, சிறிய அளவில் எழுத்தைத் திரையின் புள்ளிகளுக்குப் பொருத்தும் வேலை யார் பொறுப்பு என்பது. ட்ரூடைப்பில் எழுத்துருக் கோப்புக்குள்ளேயே அதற்கான கட்டளைகளை எழுதிவைக்கலாம்; விளிம்பின் ஒவ்வொரு புள்ளியையும் எங்கே நகர்த்துவது என்று வடிவமைப்பாளரே சொல்கிறார். டைப் 1-இல் எழுத்துரு சில குறிப்புகளை மட்டும் தருகிறது. முடிவெடுப்பது எழுத்தை வரைந்து காட்டும் மென்பொருள். பழைய, புள்ளி பெரிதான திரைகளில் நன்கு கட்டளையிடப்பட்ட ட்ரூடைப் எழுத்துரு பளிச்சென்று தெரிந்ததற்கும், அப்படி ஒன்றைச் செய்து முடிக்கப் பெரும் உழைப்பு தேவைப்பட்டதற்கும் இதுவே காரணம். இன்றைய நெருக்கமான புள்ளிகள் கொண்ட திரைகளில் இந்த வேறுபாடு கண்ணுக்கு ஏறக்குறையத் தெரிவதில்லை.

1996-இல் மைக்ரோசாஃப்டும் அடோபியும் சேர்ந்து ஓப்பன்டைப்பை அறிவித்தன. ட்ரூடைப் கோப்பு என்பது பல அட்டவணைகளின் தொகுப்பு. அந்த அமைப்பு அப்படியே வைத்துக்கொள்ளப்பட்டது. விளிம்பு வளைவுகளை மட்டும் ட்ரூடைப்பின் glyf அட்டவணையிலும் வைக்கலாம், அடோபி வழியில் CFF அட்டவணையிலும் வைக்கலாம் என்றானது. கூடவே GSUB, GPOS என்ற இரு அட்டவணைகளும் இடம்பெற்றன. எந்த எழுத்துச் சேர்க்கைக்கு எந்த வடிவம் என்பதை முதலாவதும், எதை எங்கே நிறுத்துவது என்பதை இரண்டாவதும் சொல்கின்றன. க-வும் உகரக் குறியும் சேர்ந்தால் ‘கு’ என்ற ஒரே வடிவம் வர வேண்டும் என்பது போன்ற விதிகளின் இடம் GSUB.

இந்த அட்டவணைகள் .ttf கோப்பிலும் இருக்கலாம். விண்டோஸ் 2000 தமிழைக் காட்டத் தொடங்கியபோது உடன் வந்த லதா எழுத்துருவின் கோப்பு latha.ttf, அது முழுமையான ஓப்பன்டைப் எழுத்துரு. ஆகவே கோப்புப் பெயரின் பின்னொட்டு பெரும்பாலும் வளைவின் வகையைத்தான் சொல்கிறது. தமிழ் சரியாக வருமா என்பதைச் சொல்வதில்லை. பெயரை நம்பாமல் கோப்பின் முதல் நான்கு பைட்டுகளைப் பார்க்கலாம்:

```
xxd -l 4 latha.ttf
```

`0001 0000` என்று வந்தால் ட்ரூடைப் வளைவு. `4f54 544f`, அதாவது OTTO, என்று வந்தால் CFF வளைவு.

தமிழில் பலரைக் குழப்புவது வேறொன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களும் .ttf கோப்புகளே. அவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் அடித்த ஆவணத்தில் உண்மையில் பதிவாகியிருப்பது `jkpo;`. பாமினியில் அது ‘தமிழ்’ என்று தெரியும். லதாவுக்கோ நோட்டோவுக்கோ மாற்றினால் ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். இதைப் பார்த்து எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்து .otf ஒன்றைத் தேடுவதில் பயனில்லை. உரையைத்தான் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். லினக்ஸில் `fc-list :lang=ta` என்று கேட்டால் யூனிகோடு தமிழ் உள்ள எழுத்துருக்களின் பட்டியல் வரும். பாமினி அதில் வராது.

நிறுவியதும் ‘கொக்கு’ என்று அடித்துப் பார்ப்பது நல்ல சோதனை. உகரம் ககரத்தோடு இணையாமல் தனிக்குறியாக நின்றால் எழுத்துருவில் GSUB விதிகள் இல்லை, அல்லது மென்பொருள் அவற்றைப் படிக்கவில்லை. அதே சொல்லை வேறொரு மென்பொருளில் அடித்தால் குறை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். ஒகரக் குறியின் கொம்பு ககரத்துக்கு வலப்பக்கம் போய் நின்றால் பெரும்பாலும் மென்பொருளின் குறை. அந்த இடமாற்றம் அதன் வேலை.

நிறுவும்போது .ttf-ஐத் தெரிந்தெடுக்க வேண்டிய இடமும் உண்டு. விண்டோஸின் பழைய ஜிடிஐ+ நூலகத்தில் எழுதப்பட்ட செயலிகள் CFF எழுத்துருவை ஏற்பதில்லை. ‘Only TrueType fonts are supported’ என்ற பிழைச்செய்தியைக் காட்டும். அலுவலகங்களில் ரசீது, சான்றிதழ் அச்சிடும் பழைய மென்பொருள்களுக்கு எழுத்துரு தேடும்போது இதை மனத்தில் வைக்க வேண்டும்.

விண்டோஸ் 10-இன் பிற்காலப் பதிப்புகளிலிருந்து ‘Install’ என்று கொடுத்தால் எழுத்துரு அந்தப் பயனருக்கு மட்டும் நிறுவப்படுகிறது. சில செயலிகள் அந்த இடத்தைப் பார்ப்பதில்லை. அப்போது ‘Install for all users’ என்பதைத் தெரிந்தெடுத்தால் கோப்பு C:\Windows\Fonts-க்குப் போய்ச் சேரும். செயலி முன்பே திறந்திருந்தால் மூடித் திறக்க வேண்டும்.

ஒரே எழுத்துருவின் .ttf, .otf இரண்டையும் நிறுவுவதுதான் பெரிய சிக்கலைக் கொண்டுவருகிறது. கணினி எழுத்துருவை அடையாளம் காண்பது கோப்பின் பெயரால் அன்று. உள்ளே name அட்டவணையில் எழுதியுள்ள குடும்பப் பெயரால். இரண்டிலும் அந்தப் பெயர் ஒன்றாகவே இருந்தால், எது பயன்படும் என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். எழுத்துகளின் அகலத்தில் சிறு வேறுபாடு இருந்தாலும் போதும்: ஒரு கணினியில் பக்கத்துக்குள் அடங்கிய புத்தகம், இன்னொன்றில் வரி புரண்டு அடுத்த பக்கத்துக்கு ஓடும். புதிய பதிப்பை நிறுவும் முன் பழையதை நீக்கிவிட்டு, அச்சகமும் வடிவமைப்பாளரும் அதே ஒரு கோப்பை வைத்துக்கொள்வதே இதற்கு வழி.