எறிதலின் படிநிலையை எங்கே பார்ப்பது? உப்பிலியபுரம் வட்டாரத்துப் பள்ளி மைதானத்தை முன்வைத்து ஒரு வாதம்

உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியில் அடிப்படை இயக்கத் திறன்களின் வளர்ச்சியைச் சொல்லித்தரும் முறைக்கு ஒரு வாடிக்கை உண்டு. ஓடுதல், தாண்டுதல், எறிதல், பிடித்தல் என்று திறன்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தொடக்கநிலை, இடைநிலை, முதிர்நிலை என மூன்று கட்டம் போட்டு, பக்கத்தில் வயதை எழுதிவிடுவோம். டேவிட் கலாஹ்யூவின் பாடநூல் வழியாகப் பரவிய பகுப்பு இது. ஆறேழு வயதுக்குள் முதிர்நிலையை எட்டும் ஆற்றல் பிள்ளைகளுக்கு உண்டு என்று அவர் சொன்னதும், 'ஆறு வயதில் முதிர்நிலை' என்று பயிற்சி மாணவர்களின் குறிப்பேட்டில் சுருங்கிப் போயிற்று. ஆற்றல் உண்டு என்பது வேறு, எட்டிவிட்டார்கள் என்பது வேறு.

இந்தச் சுருக்கம் எங்கே இடறுகிறது என்பதை, துறையூரைத் தாண்டிக் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே இருக்கும் உப்பிலியபுரம் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் பி.பி.எட். மாணவர் முதல் வாரத்திலேயே பார்க்கலாம். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் உடற்கல்விக்கென்று ஆசிரியர் கிடையாது. பிள்ளை முதன்முதலாக ஒரு பி.டி. ஆசிரியரின் கண்ணில் படுவது ஆறாம் வகுப்பில், பதினொரு வயதில். குறிப்பேட்டின்படி அதற்கு நான்கைந்து வருடம் முன்பே எல்லாத் திறனும் முதிர்ந்திருக்க வேண்டும். மைதானத்தில் வரிசையில் நிற்கும் ஐம்பது பேரைப் பந்தெறியச் சொன்னால் அப்படித் தெரியவில்லை. அந்தப் பயிற்சி மாணவருக்கு நாம் எதைக் கற்றுத்தர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தோள்மேல் எறிதல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மிக நீண்ட காலமாக ஆராயப்பட்ட அடிப்படைத் திறன்களில் அதுவும் ஒன்று.

1938இல் மோனிகா வைல்டு என்ற அமெரிக்க ஆய்வாளர், இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையிலான 32 பிள்ளைகள் எறிவதைப் படம்பிடித்து, நான்கு படிநிலைகளை வரையறுத்தார். முதல் நிலையில் பாதம் அசையாது. உடல் முன்னும் பின்னும் மட்டும் சாயும். இரண்டாவதில் பாதம் நின்ற இடத்திலேயே இருக்க, உடல் பக்கவாட்டில் திரும்பத் தொடங்கும். மூன்றாவதில் கால் முன்னே வரும். ஆனால் எறியும் கை எந்தப் பக்கமோ அதே பக்கத்துக் கால் வரும். நான்காவதில் எதிர்ப்பக்கத்துக் கால் முன்வைக்கும். இன்றைய பாடநூல்களில் இருக்கும் எறிதல் படிநிலைகள் பெரும்பாலும் இந்த வரைவின் வழித்தோன்றல்களே. வேறு வேறு வயதுப் பிள்ளைகளை ஒரே காலத்தில் பார்த்து எழுதியது இது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஒரே பிள்ளையை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்து எழுதியதல்ல.

தொடர்ந்து பார்த்தவர்கள் விஸ்கான்சினில் லோலஸ் ஹால்வர்சனும் மேரி ஆன் ராபர்ட்டனும். 1970களின் பிற்பகுதியில் ராபர்ட்டன் முன்வைத்த வாதம் எளிமையானது. உடல் முழுவதும் ஒரே நேரத்தில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறுவதில்லை. பாதம் முன்னேறியிருக்கும்போது நடுவுடல் பின்தங்கலாம். இருவர் பாதத்தில் ஒன்றாக இருந்து முன்கையில் வேறுபடலாம். ஆகவே படிநிலையை முழு உடலுக்குச் சொல்லாமல், உடற்கூறு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்றார். பாதம், நடுவுடல், பின்வீச்சு, மேற்கை, முன்கை என ஐந்து கூறுகளுக்கும் தனித்தனி நிலைகளை வகுத்தார். ஆனால் எந்தக் கூறும் எந்தக் கூறோடும் சேரும் என்று பொருளில்லை. ஸ்டீபன் லாங்கன்டார்ஃபரோடு சேர்ந்து 2002இல் அவர் காட்டியபடி, நடைமுறையில் தென்படும் சேர்க்கைகள் சிலவே. பிள்ளைகள் பல பாதைகளில் போனாலும் காட்டுவழியில் போவதில்லை.

பயிற்சி மாணவருக்கு ஐந்தும் வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஐம்பது பேர் வகுப்பில் ஐந்து கூறுகளைப் பார்க்கச் சொல்வது எதையும் பார்க்காமல் விடுவதற்கு வழி. மூன்று போதும்.

முதலாவது பாதம். அடி இல்லை, ஒரே பக்க அடி, எதிர்ப்பக்கக் குட்டையடி, எதிர்ப்பக்க நெட்டடி என்று நான்கு நிலை. தன் உயரத்தில் பாதிக்கு மேல் எட்டி வைத்தால் நெட்டடி. வெறும் கண்ணுக்கே தெரியும். இரண்டாவது நடுவுடல். திரும்பவே இல்லை என்பது முதல் நிலை. இடுப்பும் தோளும் ஒரே கட்டையாகத் திரும்புவது இரண்டாம் நிலை. இடுப்பு முந்தித் திரும்ப, தோள் பின்னால் வருவது மூன்றாம் நிலை. நல்ல எறிகாரர்களிடம் மட்டும் காணப்படுவது. மூன்றாவது முன்கை. இதற்குக் கைபேசியின் ஸ்லோ மோஷன் வேண்டும். பிள்ளையின் நெஞ்சு இலக்குக்கு நேராக வரும் கணத்தில் படத்தை நிறுத்த வேண்டும். பந்து அப்போதே முழங்கையைத் தாண்டி முன்னே வந்துவிட்டதா, இன்னும் பின்னே தங்கியிருக்கிறதா? பின்னே தங்கியிருந்தால் இடுப்பிலும் தோளிலும் எழுந்த வேகம் முன்கைக்கு வந்து சேருகிறது. முன்னே போய்விட்டிருந்தால் அந்த எறி கையால் மட்டும் எறிந்தது.

இனி ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பலரிடம் காணும் கோலத்தை ஒருத்தி மேல் வைத்துச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு மாணவி, மலையடிவாரத்து ஊர், வலக்கைக்காரி. டென்னிஸ் பந்தைக் கொடுத்து, முடிந்த அளவு தூரம் எறி என்று ஐந்து முறை எறியச் சொல்கிறோம். பெரும்பாலும் இடது காலைக் குட்டையாக முன்வைக்கிறாள். நடுவுடல் கட்டையாகத் திரும்புகிறது. முன்கை சற்றே பின்தங்குகிறது. புளியங்காய்க்குக் கல்லெறிந்து பழகிய கை அது. அடுத்து ஆறு மீட்டர் தள்ளி ஒரு ஸ்டம்பை நட்டு, அதைத் தட்டு என்கிறோம். இப்போது இடது கால் வருவதில்லை. சிலமுறை வலது கால் எட்டிப் பார்க்கிறது. உடல் திரும்பவில்லை. முழங்கையை முன்னே நீட்டி, அம்பு விடுவது போலக் குறி பார்க்கிறாள். மூன்றாவதாக எறிபந்தைக் கையில் கொடுக்கிறோம். இரு பாதமும் ஊன்றியிருக்க, உள்ளங்கையில் பந்தை ஏந்தித் தோளுக்கு முன்னாலிருந்து தள்ளுகிறாள்.

இவள் எந்தப் படிநிலை? முதல் பணியில் வைல்டின் நான்காம் நிலை. இரண்டாவதில் மூன்றோ அதற்கும் கீழோ. மூன்றாவதில் அவள் செய்தது எறிதலே அல்ல. மூன்றும் ஒரே பீரியடில், ஒரே பிள்ளையிடம். வயதைச் சொல்லிப் படிநிலையை எழுதும் குறிப்பேட்டில் இதற்கு இடமில்லை. படிநிலை என்பது பிள்ளை சுமந்து வரும் சொத்து அல்ல. பிள்ளை, பணி, பொருள் மூன்றும் கூடுமிடத்தில் தோன்றுவது. கார்ல் நியூவெல் 1986இல் கட்டுப்பாடுகள் என்ற பெயரில் எழுதியது இதைத்தான். ராபர்ட்டனின் நிலைகளே பலங்கொண்டு எறிதலுக்காக வகுக்கப்பட்டவை. குறிபார்த்தல் பணியில் அவற்றை வைத்து மதிப்பெண் போடுவது அளவுகோலைத் தவறான இடத்தில் வைப்பதாகும்.

எறிபந்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியோடு சேர்த்துப் பேசப்படும் இந்த விளையாட்டு நம் பள்ளிகளில் பெண்பிள்ளைகளின் விளையாட்டாக நிலைத்துவிட்டது. அதன் பந்து கைப்பந்தாட்டப் பந்தைவிடச் சற்றுப் பெரியது. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் விரல்களுக்குள் அடங்காது. பந்தைப் பிடித்த இடத்திலிருந்தே மூன்று நொடிக்குள் திருப்பி எறிய வேண்டும். பந்து கைக்கு அடங்காமல் பெரிதாகப் பெரிதாக எறியும் கோலம் கீழ்நிலைக்கு இறங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பையனுக்கு டென்னிஸ் பந்து, பெண்ணுக்கு எறிபந்து என்று ஆறாம் வகுப்பிலேயே பிரித்துவிட்டு, பத்தாம் வகுப்பில் பெண்களுக்கு எறியத் தெரியவில்லை என்று நாம் சொல்வது நியாயமாகாது. அந்த விளையாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை எறிதல் பயிற்சியாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறேன்.

உடல் வேறுபாடுதான் காரணம் என்பார்கள். எறிதலில் ஆண் பெண் இடைவெளி மற்றத் திறன்களைவிடப் பெரிது, சிறு வயதிலேயே தென்படுவது என்று ஜெர்ரி தாமசும் கேரன் ஃபிரெஞ்சும் 1985இல் தொகுத்துக் காட்டினார்கள். ஆனால் அதே தாமசும் குழுவினரும் 2010இல் ஆஸ்திரேலியப் பழங்குடிப் பிள்ளைகளை அளந்தபோது, இடைவெளி இருந்தது என்றாலும் அமெரிக்கப் பிள்ளைகளிடம் கண்டதைவிடக் குறைவாக இருந்தது. ஆணும் பெண்ணும் எறிந்து பழகிய மரபு அவர்களுடையது. இடைவெளியில் எறிந்து பழகியதற்கும் ஒரு பங்கு உண்டு என்று கொள்ள இது இடம் தருகிறது. பச்சைமலை அடிவாரத்துப் பிள்ளைகளுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் புளியமரத்தடிக் கல்லெறியை அற்பமாக நினைக்க வேண்டாம்.

கற்பிக்கும்போது நேரும் பிழை ஒன்றை இங்கே விளக்குவது நல்லது. ஒரே பக்கத்துக் காலை வைக்கும் பையனிடம் பயிற்சி மாணவர் 'இடது காலை முன்னே வை' என்கிறார். அவன் வைக்கிறான். குறிப்பேட்டில் எதிர்ப்பக்க அடி என்று ஏறிவிடுகிறது. படத்தை மெதுவாக ஓட்டினால் விஷயம் தெரியும்: இடது பாதத்தை ஊன்றிவிட்டு நின்று, அதன் பிறகுதான் கையைப் பின்னே கொண்டுபோகிறான். பாதம் மாறியது, எறிதல் மாறவில்லை. கை பின்னே போய்க்கொண்டிருக்கும்போதே கால் முன்னே போனால்தான் உடல் எடை பந்துக்குப் போகும். சொல்லால் திருத்துவதைவிடப் பணியை மாற்றுவது பலன் தரும். பக்கவாட்டில் நிற்கவைத்து, முன்காலைத் தூக்கச் சொல்லி, பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிச் சுவரில் பந்து மோதித் தன்னிடமே திரும்பி வரும்படி ஓங்கி எறியச் சொல்ல வேண்டும். குறி வேண்டாம், பலம் மட்டும். முன்னே சொன்ன மாணவிக்கோ எந்தக் கால் என்பது பிரச்சினையில்லை. அவளுக்குத் தரையில் கோடு போட்டு அடியை நீட்டச் செய்தால் இடுப்பு திறக்க வழி பிறக்கும். ஒரே வகுப்பில் இருவருக்கும் ஒரே திருத்தம் சொல்வதற்கில்லை.

முன்னேற்றத்தை எதைக் கொண்டு அறிவது? தூரத்தை அளப்பதே நம் வழக்கம். ஹால்வர்சன் குழுவினர் மழலையர் வகுப்பில் எட்டு வாரம் எறிதல் கற்பித்துப் பார்த்தார்கள். 1977இல் வெளியான முடிவின்படி பந்தின் வேகம் கூடவில்லை. அதே பயிற்சியை இயக்கக் கூறுகளில் பார்த்து 1979இல் எழுதியபோது, சில கூறுகள் முன்னேறியிருந்தன. வேகத்தை மட்டும் அளந்திருந்தால் கற்பித்தல் வீண் என்று முடிவாகியிருக்கும். ஆறு வாரக் கற்பித்தல் பயிற்சியில் நம் மாணவர்கள் அளந்து எழுதும் தூரமும் இப்படித்தான் அவர்களை ஏமாற்றும்.

கூறுகளாகப் பார்ப்பது நேரம் பிடிக்கும், முழு உடல் படிநிலையே ஆசிரியருக்குக் கைகொடுக்கும் என்ற மறுப்பு நியாயமானதே. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வெர்ன் சீஃபெல்ட்டும் ஜான் ஹௌபன்ஸ்ட்ரிக்கரும் எறிதலுக்கு ஐந்து முழு உடல் நிலைகளை வகுத்தது அந்த வசதிக்காகவும்தான். முதல் நாள் வகுப்பை ஒருமுறை சலித்துப் பார்க்க அது உதவும். ஆனால் அடுத்து என்ன செய்வது என்று அது சொல்லாது. ஐம்பது பேரையும் ஒரே நாளில் பார்க்கத் தேவையில்லை. ஒரு பீரியடுக்கு எட்டுப் பேர், பேருக்கு ஐந்து எறி, ஒரு நாள் பாதம் மட்டும், மறுநாள் நடுவுடல் என்று போனால் ஒரு மாதத்துக்குள் வகுப்பே குறிப்பேட்டுக்கு வந்துவிடும். ஐந்தில் மூன்று எறியாவது ஒரே நிலையில் இருந்தால் அதை எழுதலாம். இல்லையென்றால் இரண்டு நிலைகளையும் எழுதலாம். ஊசலாட்டமும் ஒரு தகவல்தான். மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள்.

ஆகவே நம் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கற்பித்தல் பயிற்சிக் குறிப்பேட்டில் எறிதூரத்துக்கு ஒதுக்கிய கட்டத்தின் பக்கத்தில் பாதம், நடுவுடல், முன்கை என்று மூன்று கட்டங்களையும், எந்தப் பந்து, எந்தப் பணி என்று எழுத ஒரு கட்டத்தையும் வரும் கல்வியாண்டிலேயே சேர்க்க வேண்டும். வயதுக் கட்டத்தை எடுத்துவிடலாம்.