பி-மரம்: வளரும் தரவுக்கு அடைவு கிடைத்த வரலாறு

ஒரு பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு சேர்க்கை எண் வரிசையில் எழுதப்படுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் படித்த மாணவர் வந்து, சேர்க்கை எண்ணைச் சொன்னால் சான்றிதழுக்கான பக்கத்தை உடனே எடுத்துவிடலாம். பெயரை மட்டும் சொன்னால் எழுத்தர் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான். பதிவேட்டில் தகவல் இல்லாமல் இல்லை. அது வேறொரு வரிசையில் இருக்கிறது, அவ்வளவே. கணினியில் உள்ள ஓர் ஆர்டர் அட்டவணைக்கும் இதே நிலைதான். ஆர்டர்கள் வந்த வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கும், வாடிக்கையாளரோ தம் தொலைபேசி எண்ணைச் சொல்லி "என் ஆர்டர் என்ன ஆயிற்று?" என்று கேட்பார். கணக்கர் ஏப்ரல் மாத ஆர்டர்கள் மட்டும் வேண்டும் என்பார். இவ்விரு கேள்விகளுக்கும் விரைவாக விடை தர, கணினித் துறையில் இன்டெக்ஸ் எனப்படும் அடைவு தேவைப்படுகிறது.

அடைவு என்பது மூல அட்டவணையிலிருந்து தனியாக வைக்கப்படும் ஒரு பட்டியல். அதில் தொலைபேசி எண்கள் ஏறுவரிசையில் இருக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் அதற்குரிய ஆர்டர் வட்டில் எங்கே உள்ளது என்ற குறிப்பு இருக்கும். இந்தக் கருத்து பழையது, எளியது. தினமும் புதிய பதிவுகள் வந்து சேரும்போது அந்த வரிசையைக் குலையாமல் காப்பதுதான் கடினமாக இருந்தது.

1960-களில் ஐபிஎம் நிறுவனம் தன் கணினிகளுக்கு ஐசாம் என்ற கோப்பு முறையை வழங்கியது. பதிவுகளை வரிசைப்படுத்தி வட்டின் தடங்களில் எழுதி, எந்தத் தடத்தில் எந்த எண் வரை உள்ளது என்று ஓர் அடைவும் எழுதி வைப்பார்கள். அந்த அடைவு எழுதிய பிறகு மாறாது. இரண்டு எண்களுக்கு இடையே புதிய எண் வந்து, தடத்தில் இடம் இல்லாவிட்டால், பிதுங்கும் பதிவு வழிதல் பகுதி என்ற வேறிடத்துக்குப் போகும். பழைய தடத்திலிருந்து அங்கே ஒரு சங்கிலி நீளும். நாளாக ஆக இச்சங்கிலிகள் நீண்டு, தேடல் மெதுவாகிவிடும். பிறகு வேலையை நிறுத்தி, கோப்பு முழுவதையும் மீண்டும் வரிசைப்படுத்தி எழுத வேண்டும். தேதிப்படி வைத்த கோப்பில் தொல்லை இன்னும் அதிகம். புதிய தேதி எப்போதும் கடைசியில்தான் வரும் என்பதால் வழிதல் முழுவதும் ஒரே இடத்தில் குவியும்.

இந்தக் குறையைத் தீர்த்தவர்கள் ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்கிரைட் என்ற இருவர். அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் அறிவியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, 1970-இல் பெரிய வரிசை அடைவுகளைப் பராமரிப்பது பற்றி ஓர் அறிக்கை எழுதினர். அது 1972-இல் ஆய்விதழில் வெளிவந்தது. தாங்கள் அமைத்த கட்டமைப்பை அவர்கள் பி-மரம் என்றனர். அந்த 'பி' எதைக் குறிக்கிறது என்று கட்டுரையில் சொல்லவில்லை. பேயரா, போயிங்கா என்று இன்றும் படிப்பவர்கள் ஊகிக்கிறார்கள்.

அவர்கள் கையில் இருந்த வட்டை நினைவில் கொண்டால்தான் அந்த யோசனையின் அருமை புரியும். சோதனைக்குப் பயன்பட்டது ஐபிஎம் 2311 வட்டு. அதன் கொள்ளளவு ஏழேகால் மெகாபைட்தான். ஓரிடத்தைப் படிக்க ஊசி நகர்ந்து, வட்டு சுழன்று வர ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி ஆகும். ஒரு லட்சம் எண்கள் கொண்ட வரிசையில் பாதி பாதியாகப் பிரித்துத் தேடினால் 17 படிகள் தேவை. ஒவ்வொரு படிக்கும் வட்டைத் தொட்டால் ஒரு தேடலுக்கே ஒன்றரை நொடிக்கு மேல் போய்விடும். ஆகவே வட்டை ஒருமுறை தொடும்போது ஒரு பக்கம் நிறைய எண்களைக் கொண்டுவர வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தனர். பக்கத்துக்கு நூறு எண்கள் என்றால், அடுத்த படியில் நூறு கிளைகளில் எது என்று தெரிந்துவிடும். நூறு, பத்தாயிரம், பத்து லட்சம் என்று எல்லை விரிவதால், ஒரு லட்சம் எண்களுக்கு மூன்று பக்கங்களே போதும்.

அடுத்தது, இடம் நிரம்பினால் என்ன செய்வது என்ற கேள்வி. ஒரு பக்கத்தில் நான்கு எண்கள்தான் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 12, 25, 38, 47 உள்ளன. இப்போது 30 வருகிறது. வழிதல் பகுதிக்கு அனுப்பாமல், பி-மரம் பக்கத்தையே இரண்டாகப் பிளக்கிறது. ஒன்றில் 12, 25 தங்கும். மற்றொன்றில் 38, 47 தங்கும். நடுவில் உள்ள 30 மேலே உள்ள பக்கத்துக்கு ஏறி, 'இதற்குக் குறைந்தவை இடப்பக்கம், மிகுந்தவை வலப்பக்கம்' என்று வழிகாட்டும். மேல் பக்கமும் நிரம்பினால் அதுவும் பிளக்கும். உச்சியில் உள்ள வேர்ப் பக்கமே பிளந்தால் அதற்கு மேல் புதிய வேர் ஒன்று உருவாகும். நம் தோட்டத்து மரம் நுனியில் வளர்கிறது. இந்த மரம் வேர்ப் பக்கமாக வளர்கிறது. இதனால் எல்லா இலைப் பக்கங்களும் எப்போதும் ஒரே ஆழத்தில் இருக்கும். வேரைத் தவிர எந்தப் பக்கமும் பாதிக்குக் குறையாமல் நிரம்பியிருக்கும். நிறுத்தி வைத்து மறுசீரமைக்கும் வேலையும் இல்லை.

15,000 எண்கள் கொண்ட அடைவில் நொடிக்குச் சராசரியாக 9 செயல்களும், 1,00,000 எண்கள் கொண்ட அடைவில் குறைந்தது 4 செயல்களும் முடிந்ததாக அவர்கள் எழுதினர். தரவு ஆறேழு மடங்கு பெருகியும் வேகம் ஏறக்குறைய பாதியளவுக்கே குறைந்தது எனில் அடித்தளம் சரியானது என்றுதான் பொருள்.

தேதி இடைவெளியைத் தேடுவதற்குப் பின்னால் வந்த ஒரு திருத்தம் பெரிதும் உதவியது. பி-பிளஸ் மரம் எனப்படும் வடிவில் எல்லா எண்களும் இலைப் பக்கங்களிலேயே வைக்கப்படுகின்றன. மேலே உள்ளவை வழிகாட்டிகள் மட்டுமே. ஒவ்வோர் இலையும் அடுத்த இலையோடு கோக்கப்பட்டிருக்கும். ஏப்ரல் மாத ஆர்டர்கள் வேண்டும் என்றால், ஏப்ரல் 1 எங்கே தொடங்குகிறது என்று ஒருமுறை இறங்கிப் பார்த்து, அங்கிருந்து வலப்பக்கமாக மே 1 வரும் வரை நடந்தால் போதும். 1979-இல் டக்ளஸ் கோமர் எழுதிய புகழ்பெற்ற மதிப்பாய்வுக் கட்டுரை 'எங்கும் நிறைந்த பி-மரம்' என்று பொருள்படும் தலைப்போடு வந்தது. ஒன்பதே ஆண்டுகளில் அந்த நிலை வந்துவிட்டது.

இன்றைய ஓர் ஆர்டர் அட்டவணையில் இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பதிவு 200 பைட். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் பக்கம் 8 கிலோபைட். எனவே பக்கத்துக்குச் சுமார் 40 ஆர்டர்கள். கடை தொடங்கியபோது 20 ஆயிரம் ஆர்டர்கள், அதாவது 500 பக்கங்கள். அடைவு இல்லாமல் முழுவதையும் புரட்டினாலும் யாருக்கும் தாமதம் தெரியாது. இரண்டு கோடி ஆர்டர்கள் சேர்ந்ததும் அது 5 லட்சம் பக்கங்களாகிறது. ஒவ்வொரு விசாரணைக்கும் அத்தனையும் படிக்கப்படும். தொலைபேசி எண்ணுக்கு அடைவு இருந்து, அதன் ஒரு பக்கத்தில் 300 எண்கள் அடங்கினால், மூன்று அடுக்குகளில் 2 கோடியே 70 லட்சம் எண்கள் கொள்ளும். தரவு இன்னும் பத்து மடங்கு பெருகினால் புரட்ட வேண்டியவை 50 லட்சம் பக்கங்கள். அடைவிலோ ஓர் அடுக்கு மட்டும் கூடும்.

அடைவை உண்டாக்குவதற்கு ஒரு வரி போதும்:

```sql
CREATE INDEX orders_phone_date ON orders (phone, ordered_at);
CREATE INDEX orders_date ON orders (ordered_at);
```

இரண்டு ஏன் என்று கேட்கலாம். முதலாவது, தொலைபேசி எண் வரிசையில் அமைந்து, ஒரே எண்ணுக்குள் தேதி வரிசையில் அமைவது. ஒரு வாடிக்கையாளரின் ஏப்ரல் மாத ஆர்டர்களை அது அடுத்தடுத்து வைத்திருக்கும். எண்ணை மட்டும் தந்தாலும் பயன்படும். ஆனால் எண் இல்லாமல் தேதியை மட்டும் கேட்டால், ஒவ்வொரு வாடிக்கையாளருக்குள்ளும் ஏப்ரல் சிதறிக் கிடக்கும். பெயர் வரிசையில் உள்ள தொலைபேசிக் கையேட்டில் ஒரு தெருவில் இருப்பவர்களைத் தேடுவது போல. அதற்காகவே இரண்டாவது.

அடைவு இருந்தும் பயன்படாமல் போகும் இடங்கள் உண்டு. கேள்வியில் நிரலின் மேல் ஒரு கணிப்பைப் போட்டுவிட்டால், அடைவில் உள்ள மதிப்பும் கேட்கப்படும் மதிப்பும் வேறுவேறாகிவிடும். கீழே முதல் வரி அப்படிப்பட்டது. இரண்டாவது அதே நாளை அடைவு புரிந்துகொள்ளும்படி கேட்கிறது:

```sql
WHERE date(ordered_at) = '2024-04-01'
WHERE ordered_at >= '2024-04-01' AND ordered_at < '2024-04-02'
```

தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை வைத்து `LIKE '%1234'` என்று தேடுவதும் அப்படித்தான்; வரிசை முதல் இலக்கத்திலிருந்து தொடங்குவதால் முடிவிலிருந்து தேட வழியில்லை. ஒரே எண்ணைச் சிலர் நாட்டுக் குறியீட்டோடும் சிலர் இடைவெளி விட்டும் எழுதியிருந்தால், தேடல் விரைவாகவே நடக்கும், ஆனால் பாதி ஆர்டர்கள் கிடைக்காது. எனக்கு இதுதான் மோசமான பிழையாகத் தோன்றுகிறது. மெதுவானதைப் பார்த்துப் புகார் செய்வார்கள், விடுபட்டதை யாரும் பார்ப்பதில்லை. சேமிக்கும்போதே எண்களை ஒரே வடிவுக்கு மாற்றிவிட வேண்டும்.

கேள்வியின் முன் `EXPLAIN` என்று எழுதினால் தரவுத்தளம் எந்த வழியில் போகப்போகிறது என்று காட்டும். `Seq Scan` என்றால் முழுவதையும் புரட்டுகிறது. `Index Scan` என்றால் அடைவைப் பார்க்கிறது. முதலாவதைக் கண்டவுடன் பதற வேண்டியதில்லை. ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் ஆய்வுத் திட்டத்தில் பாட்ரிசியா செலிங்கரும் குழுவினரும் 1979-இல் வெளியிட்ட கட்டுரை, ஒவ்வொரு வழிக்கும் ஆகும் செலவை மதிப்பிட்டு மலிவானதைத் தேர்ந்தெடுக்கும் முறையை விளக்கியது. இன்றைய தரவுத்தளங்கள் அதன் வழி வந்தவை. ஒரு வாடிக்கையாளரின் 30 ஆர்டர்களுக்கு அடைவு மலிவு. அட்டவணையின் பெரும்பகுதியைத் தொடும் தேதி இடைவெளிக்கு, அடைவுக்கும் அட்டவணைக்கும் இடையே அலைவதைவிட நேராகப் புரட்டுவதே மலிவு. அப்போது தரவுத்தளம் `Seq Scan`-ஐத் தேர்ந்தெடுப்பது சரியே.

அடைவுக்கு விலையும் உண்டு. புதிய ஆர்டர் ஒன்று வரும்போது அட்டவணையோடு ஒவ்வோர் அடைவிலும் ஒரு பதிவு எழுதப்பட வேண்டும். தேதி அடைவில் அது எப்போதும் வலது ஓரத்தில் சேரும். எண் அடைவிலோ எந்தப் பக்கத்திலும் விழலாம். ஐந்தாறு நிரல்களுக்கு 'இருந்துவிட்டுப் போகட்டும்' என்று அடைவு வைத்தால் எழுதும் வேகம் குறைந்து, இடமும் வீணாகும்.

கடை இயங்கிக்கொண்டிருக்கும்போது அடைவு சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் மேலே உள்ள கட்டளையை அப்படியே கொடுத்தால், அடைவு முடியும் வரை அந்த அட்டவணையில் புதிய ஆர்டர் எழுத முடியாது. கோடிக்கணக்கான பதிவுகளுக்கு அது வெகுநேரம் ஆகலாம். `CREATE INDEX CONCURRENTLY` என்று கொடுத்தால் எழுத்துப் பணி நிற்காது. ஆனால் அடைவு உருவாக அதிக நேரமாகும், இடையில் தடைபட்டால் `INVALID` என்ற குறியோடு அரைகுறை அடைவு ஒன்று மிஞ்சும். தேடலுக்கு அது பயன்படாது. ஆனால் புதிய ஆர்டர் வரும்போதெல்லாம் அதற்கும் எழுத்து வேலை நடக்கலாம். எனவே அதை `DROP INDEX` கொண்டு நீக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.